மழைக்கு நிற்கிற அடி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சப்பாத்தைக் கொடுத்தால் அவர் முதலில் பார்ப்பது தேய்மானத்தை அல்ல. உள்ளே கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இருந்தால், "காயவச்சுக் கொண்டாங்க சேர். இன்னைக்கு ஒட்டுனா அடுத்த கிழமை என்னையத்தான் திட்டுவீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவசரத்தில் போகிறவனுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

தேய்ந்த குதிக்கு டிப் போடுகிறார்கள், அடி மாற்றுகிறார்கள், வாய் பிளந்த சோலை ஒட்டுகிறார்கள், சுற்றித் தைக்கிறார்கள். இவற்றில் எது அதிக நாள் நிற்கும் என்று கேட்டால், நல்ல ரப்பர் போட்டால் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். மலையகத்தில் அந்தப் பதில் பாதிதான் சரி. இங்கே புது ரப்பர் தேய்ந்து முடியுமுன்னே, ரப்பருக்கும் சப்பாத்துக்கும் நடுவில் உள்ள ஒட்டு விட்டுவிடுகிறது. திரும்பி வருகிற சப்பாத்துகளைப் பார்த்தால் தெரியும், போன முறை போட்ட துண்டு இன்னும் தடிப்பாகவே இருக்கும், ஆனால் நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் வானத்திலும் தரையிலும் இருக்கிறது. நுவரெலியாவில் வருஷத்துக்கு 1900 மில்லிமீட்டர் அளவில் மழை. ஹட்டனிலிருந்து கொழும்புப் பக்கம் இறங்கினால் வட்டவளையில் அது 5000 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் சப்பாத்து ஒரு நாள் முழுக்கக் காய்ந்திருந்தாலே பெரிய காரியம். தரையோ சமமில்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு வரக் கல் படி, ரோட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஏற்றம். ஏறும்போது முன்னடி உழைக்கிறது, இறங்கும்போது குதியின் பின்விளிம்பு பிரேக் பிடிக்கிறது. நம்மில் பெரும்பாலோர் குதியின் வெளிப்பக்க மூலையைத்தான் முதலில் தரையில் ஊன்றுகிறோம். கழற்றித் திருப்பிப் பாருங்கள், அந்த மூலைதான் முதலில் போயிருக்கும். ஈர ரோட்டில் ஒட்டிவரும் மணல் அதற்கு உப்புத்தாளாக வேலை செய்கிறது.

கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கால்களில் இருப்பது ரப்பர் செருப்பும் கம்பூட்ஸும். அவை செருப்புத் தைக்கிறவரிடம் அதிகம் வருவதில்லை. கம்பூட்ஸ் கிழிந்தால் டயர் ஒட்டுகிற கடைக்குப் போவதுதான் புத்தி. இங்கே வருவது டீச்சர்மார், கடைகளில் நின்று வேலை பார்க்கிற பிள்ளைகள், தோட்டத்து ஆபீஸ்காரர்கள் ஆகியோரின் சப்பாத்துகளும் பள்ளிக்கூடப் பையன்களின் கறுப்புச் சப்பாத்துகளும்தான். இவற்றில் முதலில் போவது குதி, ஆகவே குதியிலிருந்து தொடங்குகிறேன்.

குதிக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஊசிக்குதி போட்டு நடக்கிறார், அதன் நுனி 1 சதுர சென்டிமீட்டர். இன்னொருவர் அதே எடை, அகலக்குதி, 4 சென்டிமீட்டருக்கு 4, மொத்தம் 16 சதுர சென்டிமீட்டர். ஒரே பொருள், ஒரே பாதை, ஒரே நடை என்றால் ஊசிக்குதியின் டிப் ஏறத்தாழ 16 மடங்கு வேகமாகக் குறையும். எந்த ஊர் டிப்பை வாங்கிப் போட்டாலும் இந்தக் கணக்கை வெல்ல முடியாது. ஊசிக்குதிக்காரர்கள் டிப் சீக்கிரம் போகிறது என்று தைக்கிறவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஊசிக்குதியின் டிப்பில் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஓர் இரும்பு முள் இருக்கும். குதிக்குள் இருக்கிற இரும்புக் குழாயில் அது இறுகி உட்காரும். பழையதைக் குறட்டால் பிடுங்கிப் புதியதைச் சுத்தியால் தட்டி இறக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவி அரத்தால் தேய்த்தால் முடிந்தது. இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் போகாமல் பலர் டிப் முழுக்கத் தேயும்வரை நடக்கிறார்கள். அப்போது முள் நேரே தரையில் இடித்து "டக் டக்" என்று கேட்கும். அந்தச் சத்தம் ஸ்டைல் அல்ல, எச்சரிக்கை. ஒவ்வோர் அடிக்கும் முள்ளின் தலை ஆணித்தலைபோலப் பரந்து, குழாயை விரிக்கிறது. குழாய் விரிந்து குதி கீறிவிட்டால் பிறகு எந்த டிப்பும் பிடிக்காது. முள்ளில் நூல் சுற்றியோ கடதாசி சுற்றியோ இறுக்கிக் கொடுத்தால் சில நாள் ஓடும், பிறகு படியில் எங்கேயாவது கழன்று விழும். தடித்த முள்ளுள்ள டிப்பைத் தேடிப் போடுவதுதான் சரி.

எந்தப் பொருள்? ஊசிக்குதிக்குக் கடினமான பாலியூரித்தேன் டிப் நல்லது. ரப்பர் தகட்டில் வெட்டிய துண்டு அந்தச் சின்னப் பரப்பில் நசுங்கி ஓரம் உடையும். நைலான் நிற்கும், ஆனால் ஈர டைல்ஸில் வழுக்கும். அகலக்குதிக்கு ரப்பர்தான், அங்கே அது தன் முழுப் பிடிப்பையும் காட்டும். எல்லாவற்றையும்விட அதிக நாள் நிற்பது இரும்பு லாடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தாத்தா காலத்துக் கணக்கப்பிள்ளைமார் லாடம் அடித்த சப்பாத்தோடு வருவார்களாம், சத்தம் கேட்டே மலையில் முதுகு நிமிருமாம். இன்றைக்கு மெழுகு போட்ட சீமெந்துத் தரையிலும் வங்கிகளின் டைல்ஸிலும் ஈர லாடத்தோடு நடக்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். நாள் கணக்கு மட்டும் பார்த்தால் இப்படித்தான் பிழைத்துப்போகும்.

என் தங்கச்சி தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அவளுடைய கறுப்புச் சப்பாத்துக்கு 4 சென்டிமீட்டர் உயரத்தில் அகலக்குதி, அடியில் 6 மில்லிமீட்டர் ரப்பர். அவள் அதை இந்தத் தைக்கிறவரிடம் கொண்டுபோனபோது வெளிமூலையில் ரப்பர் முழுக்கத் தீர்ந்து, அதற்கு மேலே உள்ள பிளாஸ்டிக் கட்டையும் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. குதியைச் சுற்றியிருந்த கறுப்புத் துணி உரிந்து நின்றது.

செய்ய இரண்டு வழி இருந்தது. தேய்ந்த மூலையை மட்டும் சாய்வாகச் சீவி அங்கே முக்கோணத் துண்டு ஒன்றை ஒட்டலாம். இல்லாவிட்டால் ரப்பரை முழுக்கக் கழற்றிக் கட்டையைச் சமப்படுத்திப் புதிதாகப் போடலாம். "முழுசாப் போட்டாத்தான் டீச்சர் நிக்கும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். இவளுக்குப் பொகவந்தலாவை பஸ் போய்விடும் என்ற பயம், மூலைத்துண்டு போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று கிழமை தாங்கவில்லை. ஏன் என்பது துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். பழைய ரப்பரோடு சேருமிடத்தில் அது கத்தி முனைபோல மெலிந்து முடிகிறது. அந்த மெல்லிய ஓரம் முதலில் எழும்புகிறது, அதற்குள் தண்ணீரும் மணலும் போகின்றன. குதி ஊன்றுகிற முழு அடியும் விழுவது அந்தத் துண்டின் மேல்தான்.

இரண்டாவது முறை அவர் முழு வேலையாகவே செய்தார். நானும் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மீதி ரப்பரைக் குறட்டால் பெயர்த்து, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கட்டையின் மூலை இல்லாததால், மற்ற இடங்களை 3 மில்லிமீட்டர் தேய்த்துத்தான் சமம் கொண்டுவர முடியும். ஒரு சப்பாத்தில் தேய்த்தால் மற்றதிலும் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். இரண்டையும் தேய்த்துவிட்டு, 6 மில்லிமீட்டர் ரப்பருக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டிப் போட்டார். மொத்தத்தில் குதி இறங்கியது 1 மில்லிமீட்டர்தான். ரொம்பவும் இறக்கிவிட்டால் சப்பாத்தின் மூக்கு மேலே தூக்கும், நடையே மாறிவிடும்.

கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. குதி உள்ளே கூடு, நடுவில் சில பிளாஸ்டிக் தடுப்புகள் மட்டும். கடையில் பார்க்க மரக்கட்டைபோல இருக்கிற மலிவுச் சப்பாத்துகள் பல இப்படித்தான். அந்தக் கூட்டில் ஆணி அடித்தால் காற்றில் அடித்தமாதிரி. அவர் ஒரு மரத்துண்டைச் சீவி உள்ளே இறுக்கித் தட்டினார். பிறகு கம் பூசி ஒட்டி, ஐந்து ஆணி, அவற்றின் தலைகள் ரப்பருக்குள் மறையும்படி இறக்கி, ஓரத்தைக் கத்தியால் சீவி, அரம் போட்டுக் கறுப்பு பூசினார். இது இரண்டு தவணையைத் தாண்டி ஓடுகிறது. ரப்பர் 2 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போதே போயிருந்தால் கட்டையில் கை வைக்கவே தேவை வந்திராது. அரைமணி நேர வேலையோடும் ஒரு ரப்பர்த் துண்டோடும் போயிருக்கும்.

இனி ஒட்டு. செருப்புத் தைக்கிறவர்களிடம் இருக்கிற மஞ்சள் கம், நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. இரு பக்கத்தையும் பளபளப்புப் போகும்வரை அரத்தால் சுரண்ட வேண்டும், தூசியைத் தட்ட வேண்டும், இரு பக்கத்திலும் மெல்லிசாகப் பூச வேண்டும், பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஏறக்கூடாது. அப்போது சேர்த்து வைத்துச் சுத்தியால் நன்றாக அடிக்க வேண்டும். ஒட்டைப் பிடிக்க வைப்பது அந்த அடியின் பலம். மணிக்கணக்காகக் கயிறு கட்டி வைத்திருந்தாலும் அதற்கு ஈடாகாது.

இது புத்தகப்படி. ஹட்டன் மூடுபனியில் இதிலே ஒரு கோளாறு நடக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் பறக்கும்போது கம் பூசிய பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், ஐஸ் போட்ட தம்ளரின் வெளியில் நீர் கோத்துக்கொள்கிற மாதிரி, கம்மின் மேலும் கண்ணுக்குத் தெரியாத பனி இறங்குகிறது. கம் மங்கி வெள்ளைபூத்து நிற்கும். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். அப்படியே சேர்த்தால் இரண்டு கம்மும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நீர்ப்படலம் படுத்துக்கொள்ளும். மழை நாளில் ஒட்டியது நிற்காது என்பார்கள், சரிதான். ஆனால் அதற்கு மாற்று உண்டு. சேர்ப்பதற்கு முன் இரு பக்கத்தையும் சூடு காட்டி, மங்கல் போய்ப் பளபளப்பு திரும்பியதும் அடிக்க வேண்டும். சூடு காட்டுகிற ஆளா, ஊதிக் காயவைக்கிற ஆளா என்று பார்த்தாலே அவருடைய வேலையின் ஆயுள் தெரிந்துவிடும். ஒட்டு தன் முழுப் பலத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். வாங்கிய கையோடு போட்டுக்கொண்டு மழையில் இறங்குகிறவர்கள் அந்த ஒரு நாளைத் தின்றுவிடுகிறார்கள்.

விட்டுப்போன ஒட்டைப் பார்த்தே பிழை எங்கே என்று சொல்லிவிடலாம். கம் முழுக்க ஒரே பக்கத்தில் பளபளப்பான தோலாக நின்று, மறுபக்கம் துடைத்தாற்போல் இருந்தால், அந்த மறுபக்கம் சரியாகச் சுரண்டப்படவில்லை அல்லது அந்தப் பொருளுக்கு அந்தக் கம் பொருந்தவில்லை. இரு பக்கத்திலும் கம் இருந்து, நடுவால் சுலபமாகப் பிரிந்திருந்தால் பனியோ அவசரமோ காரணம். ரப்பரையோ தோலையோ பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் ஒட்டியவர் மேல் குற்றமேயில்லை, ஒட்டு ஜெயித்துப் பொருள்தான் தோற்றது.

கம் பொருந்தாமல் போவது இப்போது அதிகம், ஏனென்றால் ரப்பர் அடி என்று நாம் சொல்பவற்றில் பல ரப்பரே இல்லை. பழகிய ஆட்கள் ஊசியைச் சுடவைத்து அடியின் ஓர் ஓரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அசல் ரப்பர் உருகாது, டயர் எரிகிற நாற்றம் மட்டும் வரும். பீ.வி.சி. உருகும், அதன் புகை மூக்கைக் காந்தும், கையில் கனமாகவும் இருக்கும். பீ.வி.சி.யை வளையவைப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது மெல்ல வெளியேறி மஞ்சள் கம்முக்குள் இறங்கி, சில கிழமைகளில் அதைச் சூயிங்கம்போல இளக்கிவிடும். அதற்குப் பாலியூரித்தேன் கம் வேண்டும். தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசான, ஸ்போர்ட்ஸ் சப்பாத்துகளின் ஈ.வி.ஏ. அடியிலும் முன்பூச்சு இல்லாமல் கம் ஏறாது. ரோட்டோரத்தில் ஒரே டின்னோடு உட்கார்ந்திருப்பவரிடம் இந்த இரண்டையும் ஒட்டக் கொடுத்துவிட்டு நிற்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை. அங்கே கேட்க வேண்டியது தையல்.

பள்ளிக்கூடச் சப்பாத்தின் முனை வாய் பிளந்து வரும்போது நன்றாகத் தைக்கிறவர் மூன்று காரியம் செய்வார். முதலில் உள்ளே இருக்கிற மண்ணைக் கழுவிக் காயவைத்து ஒட்டுவார். வெறும் தையல் போட்டால் இடுக்கில் மண் நுழைந்து ஆப்புப்போலப் பிளக்கும். அடுத்து அடியில் கத்தியால் மெல்லிய வாய்க்கால் கீறி, நூலை அதற்குள் படுக்க வைப்பார். வாய்க்கால் இல்லாவிட்டால் நூல் நேரே ரோட்டில் உரசும், ரப்பர் அப்படியே இருக்க நூல் அறுந்துவிடும். மூன்றாவது, கொக்கி ஊசியால் மேல் நூலையும் கீழ் நூலையும் ஒவ்வொரு துளையிலும் பூட்டிக்கொண்டு போவார். ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்தது பிடிக்கும். நூல் நைலானாக இருக்க வேண்டும், பருத்தி நூல் இந்த ஈரத்தில் இற்றுவிடும். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். 5, 6 மில்லிமீட்டருக்கு ஒன்று போதும். அதைவிட நெருங்கினால் அடி முத்திரையின் ஓரம்போலத் துளைவரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். தைத்த சப்பாத்தில் துளை வழியே கொஞ்சம் நனையத்தான் செய்யும். நூலுக்கு மெழுகு பூசினால் குறையும், முழுக்க நிற்காது.

முன்னடி தேய்ந்து போனால் அரை அடி போடுவார்கள். வளைவு தொடங்குமிடத்தில் பழைய அடியைச் சாய்வாகச் சீவி, 5 மில்லிமீட்டர் அளவில் ரப்பர் தகட்டை அதன்மேல் இறக்குவது. காற்றறை நிறைந்த மைக்ரோ ரப்பர் லேசானது, நடக்கச் சுகம், சீக்கிரம் போய்விடும். நன்றாக வெந்த கறுப்புத் தகடு நிற்கும். லொறி டயரின் தேயும் பகுதியிலிருந்து வெட்டியது இன்னும் நிற்கும், கரி கலந்த ரப்பர் அது, தேய்மானத்துக்கென்றே செய்தது. ஆனால் அதன் கனமும் விறைப்பும் மெல்லிய மேற்தோலை இழுத்துப் பிய்க்கும், தடித்த பூட்ஸுக்குத்தான் பொருந்தும்.   உலகத்துச் சப்பாத்துகளுக்குப் போகிற சோல் கிரேப் இன்றும் இலங்கையின் பேர்போன சரக்கு. அது வேகவைக்காத ரப்பர். எண்ணெய் பட்டால் இளகும், தூசியை ஒட்டவைத்துக்கொள்ளும். டீசல் சிந்திய பஸ் நிலையத்தில் நடக்கிறவருக்கு அது சரிவராது.

ஒரு வகை அடிக்கு எந்தப் பழுது பார்த்தும் பயனில்லை. சிவனொளிபாதமலை சீசனில் கொழும்பு நண்பர் ஒருவர் வந்தார். எட்டு வருஷமாக அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்த மலையேறும் பூட்ஸ், அடி கொஞ்சமும் தேயவில்லை. நல்லதண்ணியிலிருந்து ஏறிவிட்டார். இறங்கும்போது பாதி வழியில் இரண்டு அடியும் பிளந்து, உள்ளே இருந்த நுரை பழைய கேக்போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரையின் ஒரு வகை, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும், போடாமல் வைத்திருந்தாலும் நிற்காது. ஹட்டனில் அதைப் பார்த்த தைக்கிறவர் அடியின் பக்கவாட்டில் பெருவிரல் நகத்தை அழுத்தினார். பள்ளம் திரும்பி எழவில்லை, தூள் வந்தது. "இதுல தைக்க எடமில்ல ஐயா" என்று கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. அப்படிச் சொல்கிறவரிடம்தான் அடுத்த சப்பாத்தைக் கொடுக்க வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு இது. அகலக்குதிக்கு முழு ரப்பர், கம்மும் ஆணியும் சேர்த்து, கட்டையைத் தொடுமுன் போட்டது, நான் பார்த்த பழுதுகளில் அதிக நாள் நின்றது. ஒட்டி, வாய்க்கால் கீறி, நைலானில் தைத்த ரப்பர் அடி அதற்கு அடுத்தது. தைக்காமல் நன்றாக ஒட்டிய அரை அடி வெயில் காலத்தில் இவற்றுக்கு நிகர், மழைக் காலத்தில் ஒரு படி கீழே. ஊசிக்குதி டிப் சீக்கிரம் போகும், ஆனால் மலிவு, முள் தரையைத் தொடுமுன் மாற்றிக்கொண்டே இருந்தால் குதி பிழைக்கும். மூலைத்துண்டும், பீ.வி.சி.யில் மஞ்சள் கம்மும் காசுக்குக் கேடு.

அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைக்காதீர்கள். சூடு கம்மை இளக்கும், தோலை வெடிக்கவைக்கும். பழைய பேப்பரை உள்ளே திணித்து, நனைந்ததும் மாற்றிக் காயவையுங்கள். காய்ந்த சப்பாத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்குங்கள்.